சட்டையில் இருக்கும் பிரெஞ்சு என்ன சொல்கிறது?

பிரெஞ்சு வாசகம் அச்சிட்ட டீ-சர்ட்டைப் போட்டுக்கொண்டு சேலத்திலோ நெல்லையிலோ நாள் முழுக்கச் சுற்றலாம். அதில் என்ன எழுதியிருந்தாலும் படிக்க ஆள் கிடையாது. கருவடிக்குப்பத்தில் அந்தச் சுதந்திரம் இல்லை. பாரதியின் குயில் பாட்டோடு சேர்த்துச் சொல்லப்படும் தோப்பும் சித்தானந்த சுவாமிகள் கோயிலும் உள்ள இந்தப் பகுதியிலிருந்து பிரெஞ்சுத் தெருக்கள் சில கிலோமீட்டர்தான். புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவிடம் கைமாறியது. 1962-ல் சட்டப்படியும் சேர்ந்தது. ஆனாலும் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் இன்றும் இங்கே பல ஆயிரம் பேர். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பிய ‘சொல்தா’ தாத்தாக்களும், 1826-லிருந்து நடக்கும் பிரெஞ்சு லிசேயில் படித்த பேரப்பிள்ளைகளும் டீக்கடையில் நம் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். நம் நெஞ்சில் எழுதியிருப்பதை அவர்கள் படித்துவிட்டுச் சிரித்தால், அது நமக்குத் தெரியாமலே நடக்கும்.

சட்டையைக் கழற்றிவிடலாம். பச்சை குத்திக்கொண்டால் அதுவும் முடியாது. ஆகவே போனில் ஒரு வாசகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு ‘இதையே குத்திக்கொள்ளலாமா’ என்று யோசிப்பவர், அதன் பொருளைச் சரிபார்க்க என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலோர் மொழிபெயர்ப்பு வசதியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது எங்கே கைவிடும் என்பதற்கு மூன்றே சொல் கொண்ட ஒரு பிரெஞ்சு வாசகத்தைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

```
Je t'aime plus
```

காதலிக்காக இதைக் கையில் குத்திக்கொள்ள ஒரு பையன் ஆசைப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ‘ஜ தெம்’ என்றால் ‘உன்னை நேசிக்கிறேன்’. இது எல்லாருக்கும் தெரியும். கடைசிச் சொல்லை அகராதியில் பார்க்கிறான். முதல் பொருளே ‘அதிகம், மேலும்’ என்று இருக்கிறது. ஆக, ‘உன்னை இன்னும் அதிகமாக நேசிக்கிறேன்’. தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் மாற்றி மாற்றிப் போட்டாலும் இதே விடை வரக்கூடும். திருப்தியாகிவிடுகிறான். ஆனால் பிரெஞ்சு பேசுகிறவர் அந்தக் கையைப் பார்த்தால் ‘உன்னை இனிமேல் நேசிக்கவில்லை’ என்றும் படிக்க முடியும்.

இந்த விபரீதத்துக்குக் காரணம் பிரெஞ்சில் எதிர்மறை அமையும் விதம். ஏட்டுப் பிரெஞ்சில் ‘இனி இல்லை’ என்று சொல்ல இரண்டு சொல் வேண்டும்: வினைக்கு முன்னால் `ne`, பின்னால் `plus`. முழு வாக்கியம் இப்படி இருக்கும்:

```
Je ne t'aime plus
```

பேச்சில் அந்த `ne` தானாகவே உதிர்ந்துவிடும். பிரான்சில் வீட்டிலும் தெருவிலும் அதை உச்சரிப்பவர்கள் குறைவு. போனில் குறுஞ்செய்தி தட்டும்போதும் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்ததும், காதலை முறிக்கும் வாக்கியமும் காதலைப் பெருக்கும் வாக்கியமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிடுகின்றன.

பேச்சில் குழப்பம் வராது. ‘அதிகம்’ என்ற பொருளில் வாக்கியக் கடைசியில் வரும்போது அந்தச் சொல்லின் ‘ஸ்’ ஒலிக்கும், ஏறக்குறைய ‘ப்ளுஸ்’ என்று. ‘இனி இல்லை’ என்ற பொருளில் ‘ஸ்’ மௌனமாகி வெறும் ‘ப்ளு’ ஆகிவிடும். ஆக இரண்டு பொருளையும் பிரித்துக்காட்டுவது காதில் விழும் ஒரே ஒரு ஒலிதான். அச்சுக்கும் தோலுக்கும் வாய் கிடையாது. இதற்குப் பரிகாரமும் பிரெஞ்சிலேயே இருக்கிறது. ‘இன்னும் அதிகமாக’ என்பதை ஐயமில்லாமல் சொல்ல நடுவில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்:

```
Je t'aime encore plus
```

இந்த விஷயத்தை மொழிபெயர்ப்பு வசதி ஏன் காட்டிக்கொடுக்கவில்லை? அது பல பொருளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. திரும்ப மாற்றும்போதும் அதே பொருளையே தேர்ந்தெடுக்கும். போன வழியிலேயே திரும்பி வந்துவிட்டு ‘வழி சரிதான்’ என்பதுபோல. நாம் கேட்க வேண்டிய கேள்வி ‘இதற்கு இந்தப் பொருள் உண்டா’ என்பது இல்லை. ‘இதற்கு வேறு என்ன பொருளெல்லாம் உண்டு’ என்பதே. அதற்கு அகராதியின் முதல் வரியோடு நிற்காமல் கடைசி வரைக்கும் போக வேண்டும். பிறகு அந்த வாசகத்தை முழுசாக, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேட வேண்டும். மேற்கோள் குறி இருந்தால் அதே சொற்கள் அதே வரிசையில் வரும் பக்கங்கள்தான் கிடைக்கும். அந்தப் பக்கங்கள் எல்லாம் கல்யாண வாழ்த்தாக இருக்கின்றனவா, பிரிவுப் புலம்பலாக இருக்கின்றனவா என்று நாலு வரி மேலும் கீழும் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. மொழிபெயர்ப்பு வசதிகள் எழுத்துப்பிழையைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டு பொருள் சொல்பவை. பிழையான வாசகத்தைக் கொடுத்தாலும் சரியான விடை வரும். பிழை அப்படியே சட்டையில் இருக்கும்.

பிரெஞ்சில் அந்தப் பிழை பெரும்பாலும் எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்னக் குறிகளில்தான் நேரும். கடற்கரை ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஜோடி இது:

```
pêcheur
pécheur
```

முதலாவது மீனவர். இரண்டாவது பாவி. வேறுபாடு இரண்டாம் எழுத்தின் மேல் உள்ள குறி மட்டுமே. கூரைபோல இருந்தால் மீன் பிடிக்கிறவர், ஒற்றைச் சாய்கோடாக இருந்தால் பாவம் செய்தவர். ‘மீனவன் மகன்’ என்று பெருமையாகக் குத்திக்கொள்ளப் போய் ‘பாவியின் மகன்’ ஆக, ஒரு கோட்டின் வடிவம் போதும். டிசைனுக்கு எடுப்பாக இருக்கும் என்று எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போட்டால் குறிகளே காணாமல் போய்விடுவதுண்டு. பெரிய எழுத்துக்குக் குறி தேவையில்லை என்ற எண்ணம் பிரான்சிலேயே பலருக்கு உண்டு. தட்டச்சு யந்திரக் காலத்தின் மிச்சம் அது. பிரெஞ்சு அகாதெமி அதை ஏற்பதில்லை, பெரிய எழுத்திலும் குறி வேண்டும் என்கிறது. குறியில்லாத `PECHEUR` என்பதைப் பார்ப்பவர், போட்டிருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

இந்தக் குறிகள் எங்கே தொலைகின்றன என்று தேடினால் பாதி வழி திருப்பூருக்குப் போகும். புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் சண்டே மார்க்கெட்டில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், செகண்ட்ஸ் என்று கொட்டி விற்கிற பனியன் துணி ஐரோப்பாவுக்குப் போவதற்காகத் தைத்ததாக இருக்கலாம். வாடிக்கையாளர் அனுப்பிய வாசகம் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எழுத்துக் குறியீட்டு முறை மாறினால், ஒரு எழுத்து இரண்டாக உடைந்துவிடும்:

```
pÃ©cheur
```

இப்படி நடுவில் சம்பந்தமில்லாத இரண்டு உருவங்கள் நிற்கும் வாசகத்தைப் பார்த்தால், அது புதிய மொழி இல்லை, கோப்பு கெட்டுப்போன அடையாளம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வேறொரு ஆபத்து. ஸ்கிரீனில் தூசியால் விழும் ஊசித்துளைகளை அச்சடிக்கும் முன் தேடித்தேடி அடைப்பார்கள். அந்த மொழி தெரியாத தொழிலாளிக்கு எழுத்தின் மேல் மிதக்கும் சிறுகோடு துளையாகத் தெரிந்தால் அதுவும் அடைபட்டுப் போகும். அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழ் தெரியாத ஊரில் நம் புள்ளிகளுக்கும் இதே கதிதான்.

தோலில் இந்தச் சின்னக் கோடுகளுக்கு வேறு கஷ்டம் இருக்கிறது. பச்சை குத்தும் ஊசி மையை மேல்தோலுக்குக் கீழே உள்ள உள்தோலில் விடுகிறது. அங்கே அந்நியப் பொருள்களை விழுங்கித் துப்புரவு செய்யும் ‘மேக்ரோபேஜ்’ செல்கள் மைத்துகள்களை விழுங்கிக்கொள்கின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்தச் செல்கள் காலம் முழுக்க உயிரோடிருப்பதால்தான் மை நிற்கிறது என்று முன்பு நினைத்தார்கள். பிரான்சின் மார்செய் நகர ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு வேறுமாதிரி சொன்னது. எலி வாலில் பச்சை மையைக் குத்தி, பிறகு மையை வைத்திருந்த செல்களை மட்டும் அழித்துப் பார்த்தார்கள். பச்சை அழியவில்லை. செத்த செல் கைவிட்ட மையை, புதிதாக வந்த செல் விழுங்கி வைத்துக்கொண்டது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறியபடியே மை அங்கேயே இருக்கிறது.

வருஷங்கள் போகப்போகப் பச்சைக் கோடு கொஞ்சம் தடித்து ஓரம் மங்குவது எல்லாரும் பார்த்ததே. பாட்டிமார் கையில் உள்ள பழைய கோலங்களே சாட்சி. பெரிய உருவத்தில் இது பாதகமில்லை. ஒரு மில்லிமீட்டர் கூரைக்குறியும் ஒரு மில்லிமீட்டர் சாய்கோடும் பத்து வருஷத்தில் ஒரே மாதிரிப் பொட்டாகிவிடலாம். அப்போது மீனவரும் பாவியும் மறுபடி ஒன்றாகிவிடுவார்கள். குறிகள் உள்ள மொழியில் எழுத்தைச் சற்றுப் பெரிதாகக் கேட்பது அழகுக்காக இல்லை, இதற்காகத்தான். லேசர் கொண்டு அழிக்கலாம் என்றால், அது துகளைச் சிறிதாக உடைத்து உடம்பே மெல்ல வெளியேற்ற வைக்கும் வேலை. வாரக்கணக்கில் இடைவெளி விட்டுப் பலமுறை போக வேண்டும்.

இனிப் படத்துக்கு வருவோம். வாசகத்தைப் படமெடுத்தது முன்பக்கக் கேமராவிலா, கண்ணாடியைப் பார்த்தா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டிலும் எழுத்து இடவலமாகத் திரும்பியிருக்கலாம். ஆங்கிலம் திரும்பினால் உடனே தெரியும். சீனமோ அரபோ திரும்பினால் நமக்கு எப்படித் தெரியும்? படத்தில் உள்ள சட்டையைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பை இருப்பது போட்டிருப்பவரின் இடப்பக்கம். அவர் நம்மைப் பார்த்து நின்றால் அது நம் வலக்கைப் பக்கம் தெரிய வேண்டும். இடக்கைப் பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. கடிகாரம், கடைப்பலகை எது இருந்தாலும் உதவும். அரபு எழுத்தென்றால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அது வலமிருந்து இடமாக, எழுத்தோடு எழுத்து கைகோத்துப் போகும். பழைய டிசைன் மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிய்ந்து, வரிசையும் தலைகீழாகிவிடும். தமிழில் ‘கொடி’ என்று ஒட்டினால் கொம்பும் காலும் தனியே பிரிந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், அதே நோய்தான்.

இதையெல்லாம் தாண்டி, ஒவ்வொரு எழுத்தும் சரி, ஒவ்வொன்றின் பொருளும் சரி என்றாலும் தப்பு நேரலாம். 2019 ஜனவரியில் அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டே ‘ஏழு மோதிரங்கள்’ என்ற பொருள்படும் தன் பாட்டு வெளியான சூட்டில், உள்ளங்கையில் ஜப்பானிய எழுத்தில் இதைக் குத்திக்கொண்டு படம் போட்டார்:

```
七輪
```

முதல் எழுத்து ஏழு. இரண்டாவது வளையம். அகராதியில் ஒவ்வொன்றாகத் தேடினால் குற்றமே இல்லை. ஆனால் இரண்டும் சேர்ந்தால் ‘ஷிச்சிரின்’, அதாவது மீனும் கறியும் வாட்டும் சிறிய கரியடுப்பு. ஜப்பானில் சாதாரணமாகப் புழங்கும் சொல். ஏழு ‘ரின்’ காசுக்குக் கரி வாங்கினால் போதும் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் உண்டு.

நம் மொழியில் வைத்துப் பார்த்தால் உடனே பிடிபடும். நான்கு கால் கொண்ட தன் நாயின் நினைவாக ஒரு ஜப்பானியர் தமிழில் பச்சை குத்த ஆசைப்பட்டு, நான்குக்கு ஒரு சொல், காலுக்கு ஒரு சொல் என்று தேடிச் சேர்த்து, கடைசியில் ‘நாற்காலி’ என்று எழுதிக்கொண்டு வந்தால் நாம் என்ன செய்வோம்? அவர் சேர்த்த துண்டுகளில் தப்பே இல்லை. சேர்ந்த சொல்லுக்குத்தான் வேறு வேலை.

பாடகியின் பாட்டு வீடியோவில் ஜப்பானியத்தில் பெயர் சரியாகவே இருந்தது, ஐந்து எழுத்தில்:

```
七つの指輪
```

உள்ளங்கையில் குத்துவது வலி தாங்காததால் நடுவிலுள்ள மூன்றை விட்டுவிட்டதாக அவரே சொன்னார். அந்த மூன்றில் ஒன்று ‘விரல்’. அது இருந்தால்தான் வளையம் மோதிரமாகும். கேலி கிளம்பிய பிறகு ‘விரல்’ எழுத்தைச் சேர்த்தார், ஆனால் இடைவெளி இல்லாததால் கீழே போட்டார். வழக்கமான வரிசையில் படித்தால் அது ‘கரியடுப்பு விரல்’. குத்திய பிறகு செய்யும் திருத்தம் இருக்கிற இடத்துக்குள்தான் அடங்க வேண்டும், மொழியின் வரிசைக்குள் அடங்காது.

இந்தத் தவறைக் கண்டுபிடிக்கப் பண்டிதர் தேவையில்லை. இரண்டு எழுத்தையும் சேர்த்தே படத்தேடலில் போட்டால் திரை முழுக்க மண் அடுப்பும் அதன்மேல் வாடும் மீனும் வந்து நிற்கும். படத்தேடல் ஒரு சொல் எந்தப் பொருளின் பக்கத்தில் புழங்குகிறது என்று காட்டிவிடும். மோதிரம் வர வேண்டிய இடத்தில் அடுப்பு வந்தால் விஷயம் முடிந்தது. படத்தில் மட்டும் உள்ள சீன எழுத்தைத் தேடல் பெட்டிக்குள் எப்படிக் கொண்டுபோவது என்றால், போன் விசைப்பலகையில் கையெழுத்து உள்ளீட்டை இயக்கி விரலால் வரையலாம். கோடுகளை மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று போட்டால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

ஒரே எழுத்து இரண்டு மொழியில் புழங்கும்போது எந்த மொழி என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். ‘கை’, ‘தாள்’ என்ற இரண்டு எழுத்தும் சேர்ந்தால் ஜப்பானியத்தில் கடிதம், சீனத்தில் கழிப்பறைத் தாள். கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 2000-ல் மனைவி விக்டோரியாவின் பெயரைத் தேவநாகரியில் கையில் குத்திக்கொண்டபோது, ‘ஹ’ ஒன்று கூடுதலாக இருக்கிறது, இந்தியில் பிழை என்று உலகமே சிரித்தது. அந்த எழுத்துக்கூட்டல் மராத்தியில் வழக்கமானதுதான். மும்பையில் யாரும் அதைப் பிழை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பாவம், பெக்காமுக்குத்தான் அது தெரியாது.

ஆளிடம் கேட்பது நல்லது, ஆனால் எந்த ஆளிடம், என்ன கேட்டு? ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் கழகம், நோபல் பரிசுக்காரர்கள் நிறைந்த அறிவியல் நிறுவனம், 2008-ல் தன் ஆய்விதழின் சீனச் சிறப்பிதழுக்கு அட்டையில் அழகான சீன எழுத்துகளைப் போட்டது. அச்சிடும் முன் ஜெர்மானிய சீனவியல் அறிஞர் ஒருவரிடம் காட்டி, சங்கடமான பொருள் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டார்கள். இதழ் வெளிவந்ததும் சீனர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அது கேளிக்கை விடுதி ஒன்றின் பெண்களை விளம்பரம் செய்யும் வாசகம். கழகம் மன்னிப்புக் கேட்டு அட்டையை மாற்றியது. மேலோட்டமான பொருளுக்கு அடியில் இன்னொரு பொருள் இருந்தது, சீனம் தாய்மொழியாக இல்லாதவருக்கு அது எளிதில் தட்டுப்படாது என்பது அவர்கள் விளக்கம்.

அதனால் மொழியைப் படித்தவரைவிட அதில் வளர்ந்தவரிடம் கேட்பதே மேல். பிரெஞ்சுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை, 1889-ல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, தெருவுக்குத் தெரு தாத்தாக்களும் இருக்கிறார்கள். கேட்கும் விதத்திலும் ஒரு கணக்கு உண்டு. ‘இதற்கு அதிகமாக நேசிக்கிறேன் என்றுதானே பொருள்?’ என்று கேட்டால், மரியாதைக்கு ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவார்கள். நாம் நினைக்கும் பொருளைச் சொல்லாமல் வாசகத்தை மட்டும் காட்டி, ‘இதை எங்கே பார்ப்பீர்கள்? யார் யாரிடம் சொல்வார்கள்?’ என்று கேட்க வேண்டும். ‘கோபத்தில் பெண்டாட்டி புருஷனுக்கு அனுப்புவாள்’ என்று ஒரு தாத்தா சொன்னால் நூறு அகராதிக்குச் சமம்.

கடைசிச் சரிபார்ப்பு டாட்டூ கடை நாற்காலியிலேயே நடக்கும். குத்துவதற்கு முன் ஸ்டென்சில் தாளிலிருந்து டிசைனை ஊதாக் கோடுகளாகத் தோலில் பதிப்பார்கள். பிரதி எடுக்கும்போது குறிகள் விழுவது இங்கேதான் அதிகம். பின்பக்கக் கேமராவில் இன்னொருவரை விட்டுப் படமெடுத்து, முன்பு பொருள் சொன்னவருக்கு அனுப்பி, ‘தாத்தா, இதைச் சத்தமாகப் படித்து வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்’ என்று கேளுங்கள். ‘ப்ளு’ என்று வந்தால் ஊதா மையைத் துடைத்துவிட்டு எழுந்துவிடலாம், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு போதும்.